நான்கு பெட்டிக்காரர்கள், நான்கு விதமான விலை

கேள்வி: மணப்பாறையில் முறுக்கு தயாரித்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். 250 கிராம் பாக்கெட் 20 பிடிக்கும் அட்டைப்பெட்டி மாதம் 2,000 தேவை. இப்போது வாங்கும் 3 ப்ளை பெட்டி மழைக்காலத்தில் குடோனில் அமுங்கிப்போய் அடியில் உள்ள முறுக்கு நொறுங்குகிறது. கெட்டியான பெட்டிக்கு நான்கு பேரிடம் வாட்ஸ்அப்பில் ரேட் கேட்டேன். ஒருவர் 38 ரூபாய் என்றார். இன்னொருவர் கிலோ 60 ரூபாய் என்றார். மூன்றாமவர் 44, எல்லாம் சேர்த்து என்றார். நாலாமவர், "சாம்பிள் கொண்டு வாங்கம்மா, பார்த்துச் சொல்றேன்" என்றார். எதை எதோடு ஒப்பிடுவது? மற்றவர்கள் என்ன ரேட் கொடுத்தார்கள் என்று கேட்டால் சொல்லலாமா?

பதில்: வணக்கம் அம்மா. நால்வரில் சரியாகப் பேசியவர் அந்த நாலாமவர்தான். மற்ற மூவரும் மனதுக்குள் ஆளுக்கு ஒரு பெட்டியை நினைத்துக்கொண்டு அதற்கு விலை சொல்லியிருக்கிறார்கள். 38 ரூபாய்க்காரர் நினைத்த பெட்டியும் 44 ரூபாய்க்காரர் நினைத்த பெட்டியும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. எனவே இந்த விலைகளை ஒதுக்கி வையுங்கள். பெட்டி என்ன என்பதை நீங்கள் எழுதி, நால்வருக்கும் ஒரே தாளை அனுப்பி, புதிதாகக் கொட்டேஷன் வாங்குங்கள்.

முதலில் அளவு. அட்டைப்பெட்டிக்கு உள்ளளவு, வெளியளவு என்று இரண்டு உண்டு. இதைக் குறிப்பிடாமல் "450 × 300 × 300" என்று மட்டும் எழுதினால் ஒருவர் உள்ளளவாகவும் ஒருவர் வெளியளவாகவும் எடுத்துக்கொள்வார். 5 ப்ளை அட்டையின் கனம் ஏறக்குறைய 6.5 மி.மீ. இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 13 மி.மீ. போய்விடும். உங்கள் பாக்கெட் காற்றடைத்த நிலையில் 220 × 145 × 58 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கு நான்கு, ஐந்து வரிசை, ஆக 20 பாக்கெட். இதற்கு உள்ளே 440 × 290 × 290 இடம் வேண்டும். 450 × 300 × 300 உள்ளளவாக இருந்தால் கொஞ்சம் சுதந்திரத்தோடு உட்காரும். அதுவே வெளியளவாகிவிட்டால் உள்ளே மிஞ்சுவது 437 × 287. பேக்கிங் செய்யும் பெண்கள் கடைசி பாக்கெட்டை அழுத்தித் திணிப்பார்கள், முறுக்கு பெட்டிக்குள் போகும்போதே உடையும். மழைமேல் பழி போடும் நொறுங்கலில் கொஞ்சம் இப்படி வந்ததாகவும் இருக்கலாம். இப்போதைய பெட்டியை ஒருமுறை டேப் வைத்து உள்ளே அளந்து பாருங்கள். அளவை மில்லிமீட்டரில், நீளம் × அகலம் × உயரம் என்ற வரிசையில், "உள்ளளவு" என்ற சொல்லோடு எழுதுங்கள். பேச்சில் இஞ்ச் இருக்கட்டும், தாளில் வேண்டாம்.

அடுத்தது தாள். இங்கேதான் பணம் இருக்கிறது. 5 ப்ளை என்பது மூன்று தட்டைத் தாள்களும் நடுவே இரண்டு அலைத் தாள்களும் சேர்ந்தது. ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. இன்னொன்று பிஎஃப், தாள் கிழியாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்கான எண். "5 ப்ளை பெட்டி" என்று மட்டும் சொன்னால் ஐந்து தாளும் 100 ஜிஎஸ்எம்மில் போட்டாலும் அது 5 ப்ளைதான். யாரும் பொய் சொன்னதாக ஆகாது.

முறுக்குக்கு நான் இப்படித் தொடங்குவேன்: வெளித்தாள் 150 ஜிஎஸ்எம் 20 பிஎஃப், இரண்டு அலைகளும் நடுத்தாளும் 120 ஜிஎஸ்எம் 16 பிஎஃப், உள்தாள் 150 ஜிஎஸ்எம் 18 பிஎஃப். ஊறுகாய் பாட்டில் என்றால் பாட்டிலே பாரத்தில் பாதியைத் தாங்கிவிடும், 3 ப்ளை போதும். முறுக்கு பாக்கெட் எதையும் தாங்காது. மேலே அடுக்கிய பாரம் முழுக்க பெட்டியின் சுவரில்தான் இறங்கும். உங்கள் பெட்டி சரக்கோடு சுமார் 5.8 கிலோ வரும். ஏழு அடுக்கு வைத்தால் அடிப்பெட்டிமேல் ஏறத்தாழ 35 கிலோ. ஈரக் காற்றில் அட்டை வலுவிழக்கும், நாட்கணக்கில் பாரம் நின்றாலும் வலுவிழக்கும். அதனால் அந்த 35 கிலோவை நான்கால் பெருக்கி, புதுப்பெட்டி ஆலையில் 140 கிலோவாவது தாங்க வேண்டும் என்று கேட்பது பாதுகாப்பான வழக்கம். நான் 150 என்று எழுதச் சொல்வேன். தாளின் பிஎஃப் எவ்வளவு உயர்ந்தாலும் அது கிழியாமல் இருப்பதற்கான கணக்கு. அடுக்கினால் அமுங்காமல் இருக்க இந்தத் தாங்குதிறன் எண்தான் தேவை. உங்கள் புகார் அமுங்குவது பற்றியது என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

தாளின் எண்களைக் கொடுத்தபின் ஒரு வசதி கிடைக்கிறது. பெட்டியின் எடையை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் அளவுக்கு, விரித்த அட்டை சுமார் 1,540 மி.மீ. நீளம், 610 மி.மீ. அகலம் வரும், அதாவது 0.94 சதுர மீட்டர். அலையாக மடியும் தாள் கூடுதலாகச் செலவாகும், அதற்கு 40 சதவீதம் சேர்த்துக்கொள்வது பொதுக் கணக்கு. ஆகவே ஒரு சதுர மீட்டர் அட்டைக்கு 150 + 168 + 120 + 168 + 150, மொத்தம் 756 கிராம். பெட்டிக்கு ஏறத்தாழ 710 கிராம். இந்த ஒரு எண்ணைக் கொட்டேஷன் கேட்கும் தாளில் போட்டுவிடுங்கள். காகிதத்தில் ஈரம் ஏறி இறங்குவதால் 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்எம் சோதிக்க உங்களிடம் கருவி இல்லை. ஆனால் தராசு இருக்கிறதே!

இதை வைத்தே அந்தக் கிலோ 60 ரூபாயையும் புரிந்துகொள்ளலாம். பெட்டித் தொழிலில் பலர் உள்ளுக்குள் கிலோ கணக்கில்தான் விலை போடுவார்கள். 710 கிராம் பெட்டிக்கு அது 42.60 ரூபாய். வாங்குபவர் கிலோ விலையில் ஆர்டர் போடுவது எனக்குப் பிடிக்காது. கனமான பெட்டி வந்தால் பில்லும் கனக்கும், ஈரமான பெட்டி வந்தாலும் அப்படியே. விலை பெட்டிக்கு இருக்கட்டும், எடை நிபந்தனையாக இருக்கட்டும்.

எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு. "மாதம் 2,000" என்று எழுதினால், ஒரே ஒரு ஆர்டரா, வருடம் முழுவதுமா என்று அவருக்குத் தெரியாது. இப்போது உறுதியாக வாங்கப்போவது எவ்வளவு, பிறகு எதிர்பார்ப்பது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். 1,000, 2,000, 5,000 ஆகிய மூன்று எண்ணிக்கைக்கும் தனித்தனி விலை கேளுங்கள். 5,000க்கு எவ்வளவு இறங்குகிறார் என்று தெரிந்தால், இடமிருக்கிறதா, அவ்வளவு பணத்தை முடக்கலாமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். (முறுக்கு ஆலையில் பெட்டிக்கட்டை எண்ணெய்க் கடாய்ப் பக்கம் அடுக்கும் நிலை வந்தால் 5,000 வேண்டாம்.) அச்சடித்த பெட்டி எண்ணிக்கையில் கொஞ்சம் கூடும், குறையும். அதற்கும் 3 சதவீதம் என்று எல்லை போட்டு, வந்து சேர்ந்த எண்ணிக்கைக்கே பணம் என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் 2,200 பெட்டி வந்து இறங்கும், திருப்பி அனுப்பவும் முடியாது.

காலக்கெடு என்றால் மூன்று தேதிகள். சந்தேகம் கேட்கக் கடைசி நாள், கொட்டேஷன் வந்துசேரக் கடைசி நாளும் நேரமும், ஆர்டர் கொடுத்தபின் சரக்கு வரவேண்டிய நாட்கள். முதலாவதைப் பலர் வைப்பதில்லை. ஒருவர் போன் செய்து "கலர் எத்தனைம்மா?" என்று கேட்டால் அவருக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். அப்புறம் அவர் விலை இரண்டு கலருக்கும் மற்றவர்கள் விலை ஒரு கலருக்கும் இருக்கும். யார் கேட்டாலும் பதில் நால்வருக்கும் போகவேண்டும், கேட்டவர் பெயர் இல்லாமல். விலை எத்தனை நாள் செல்லும் என்பதையும் கேளுங்கள். காகித விலை ஏறி இறங்குவதால் பெட்டிக்காரர்கள் 90 நாளுக்கு ஒப்புவது அரிது; 30 நாள் நியாயம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அவர்களுக்கு ஸ்வீட், பட்டாசு ஆர்டர்கள் குவிந்திருக்கும். உங்களுக்கும் அப்போதுதான் பெட்டி வேண்டும் என்பதால், ஆகஸ்ட் முடிவதற்குள் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

விலையை எந்த வடிவில் தரவேண்டும் என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள். எல்லாம் சேர்த்து 44 என்பதில் அந்த 'எல்லாம்' என்னவென்று கேட்டுப் பாருங்கள். வண்டி வாடகை இருக்கும், ஜிஎஸ்டி இருக்காது. அல்லது இரண்டும் இருக்கும், அச்சு பிளாக் இருக்காது. வெற்றுக் கட்டங்களோடு தாளை நீங்கள் அனுப்புங்கள், அவர்கள் நிரப்பட்டும். உங்களுக்காக ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன், தேதிகளை மாற்றிக்கொள்ளுங்கள்:

பொருள்: அச்சடித்த 5 ப்ளை அட்டைப்பெட்டிக்கு விலைப்புள்ளி கோருதல்

அன்புடையீர், கீழ்க்காணும் பெட்டிக்கு உங்கள் விலையைத் தர வேண்டுகிறோம்.

உள்ளளவு: 450 × 300 × 300 மி.மீ. (நீளம் × அகலம் × உயரம்), 3 மி.மீ. முன்பின் இருக்கலாம்.
தாள்: வெளி 150 ஜிஎஸ்எம் 20 பிஎஃப்; அலை இரண்டும் நடுவும் 120 ஜிஎஸ்எம் 16 பிஎஃப்; உள் 150 ஜிஎஸ்எம் 18 பிஎஃப்.
பெட்டி எடை: 710 கிராம், 5 சதவீதம் முன்பின்.
தாங்குதிறன்: குறைந்தது 150 கிலோ.
பயன்பாடு: முறுக்கு பாக்கெட், நிகர எடை 5 கிலோ, 7 அடுக்கு, மழைக்காலத்திலும் குடோனில் இருக்கும்.
அச்சு: இரண்டு நீளப் பக்கங்களில், ஒரு கலர், டிசைன் இணைப்பில்.
இணைப்பு முறை: பின் வேண்டாம், பசை ஒட்டு.
கட்டு: தட்டையாக, 20 பெட்டி ஒரு கட்டு.
உறுதியான முதல் ஆர்டர் 2,000. அடுத்த 5 மாதங்களுக்கு எதிர்பார்ப்பு மாதம் 2,000. எண்ணிக்கை 3 சதவீதம் முன்பின். வந்த எண்ணிக்கைக்கே பணம்.
சரக்கு: ஆர்டர் நாளிலிருந்து 12 நாளுக்குள், மணப்பாறை குடோனில்.

சந்தேகங்கள் ஆகஸ்ட் 8 வரை. விலைப்புள்ளி ஆகஸ்ட் 14, மாலை 5 மணிக்குள், லெட்டர்பேடில், கையெழுத்து, முத்திரையுடன் பிடிஎஃப் ஆக, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ. இதே தாளில் அச்சில்லாத மாதிரிப் பெட்டிகள் இரண்டு, அதே நாளுக்குள்.

விலையை இந்த வரிசையில் நிரப்பவும்:
1. பெட்டி ஒன்றின் விலை, வரி, வாடகை இல்லாமல்: 1,000க்கு ___ / 2,000க்கு ___ / 5,000க்கு ___
2. குடோன் வரை வாடகை, மொத்த நடைக்கு: ___
3. அச்சு பிளாக், ஒருமுறைச் செலவு: ___, பிளாக் யாருக்குச் சொந்தம்: ___
4. ஜிஎஸ்டி சதவீதம்: ___
5. பணம் தரும் முறை: ___
6. விலை செல்லும் நாட்கள்: ___
7. மேற்கண்ட விவரத்திலிருந்து மாற்றம் ஏதும் இருந்தால்: ___
8. உத்யம் பதிவு உண்டா: ___

ஏழாவது வரியை அலங்காரமாக நினைக்க வேண்டாம். நேர்மையான பெட்டிக்காரர், "நடுத்தாள் 120 கிடைக்கவில்லை, 140 போடுகிறேன்" என்று அங்கேதான் எழுதுவார். உங்களைவிடப் பெட்டி தெரிந்தவர் அவர். நல்ல யோசனை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கேட்ட பெட்டிக்கான விலை முதலில் வரட்டும், மாற்று யோசனை தனித்தாளில் வரட்டும். பசை ஒட்டு கேட்டதற்குக் காரணம், தின்பண்டப் பெட்டியில் கம்பிப் பின் விலகி பாக்கெட்டைக் குத்தக்கூடாது என்பது. பிளாக் யாருக்குச் சொந்தம் என்று கேட்பது, நாளைக்கு ஆளை மாற்றினால் அதை வாங்கிக்கொண்டு போக முடியுமா என்று தெரிய.

இப்போது பதில்கள் வந்தபின் எப்படி ஒப்பிடுவது என்று பார்ப்போம். 2,000 பெட்டிக்கு இப்படி வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அ: பெட்டி 41.50, வாடகை 3,000, பிளாக் 4,500, மாதிரி எடை 705 கிராம், சரக்கு வந்ததும் பணம். ஆ: பெட்டி 43.80, வாடகையும் பிளாக்கும் அவர் கணக்கு, எடை 715 கிராம், 30 நாள் கடன். இ: பெட்டி 40.20, வாடகை தனி, எடை 610 கிராம், பாதி முன்பணம்.

இ-யை முதலில் எடுத்துப் பாருங்கள். 710 கேட்ட இடத்தில் 610 என்றால் 14 சதவீதம் குறைவு. அதை ஈரத்தின் கணக்கில் சேர்க்க முடியாது, தாள் இறக்கியிருக்கிறார். கிலோவுக்குப் போட்டால் அவர் விலை கிட்டத்தட்ட 66 ரூபாய். அ-வுக்கு 59 கூட வரவில்லை. தாளில் மலிவாகத் தெரிபவர்தான் மூவரில் விலை அதிகம்! ஏழாவது வரியில் அவர் ஏதும் எழுதவில்லை என்றால் அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அ-வுக்கு வாடகை பெட்டிக்கு 1.50 சேர்த்தால் 43.00. பிளாக் செலவை 2,000 பெட்டிக்குப் பங்கிட்டால் 2.25 கூடி 45.25 ஆகிறது. ஆ 43.80தான். முதல் ஆர்டரோடு நிறுத்திவிட்டால் ஆ மலிவு. மூன்று ஆர்டர், 6,000 பெட்டி என்றால் அ-வின் பிளாக் பங்கு 75 பைசாவாகி 43.75க்கு வந்துவிடுகிறது. ஆ-வுடன் வித்தியாசம் ஐந்து பைசா. அந்த ஐந்து பைசாவுக்காக 30 நாள் கடனை விடமாட்டேன், ஆ-வுக்குத்தான் கொடுப்பேன். ஆறு மாதமும் ஓடும் என்று உறுதியாகத் தெரிந்தால் 12,000 பெட்டிக்கு அ 43.38 ஆகிறது, அப்போது யோசிக்க இடமுண்டு. வாடகை சரிதானா என்றும் பாருங்கள். 2,000 பெட்டி என்பது 1,400 கிலோவுக்கு மேல். குட்டியானை ஒரே நடையில் கொண்டுவராது. அ ஒரு நடைக்கு மட்டும் 3,000 போட்டிருந்தால் கணக்கு மாறும்.

நீங்கள் சாதாரண முறையில் ஜிஎஸ்டி கட்டி, வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்பவரானால் வரியில்லாத விலையை ஒப்பிட்டால் போதும். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அந்த வரவு உங்களுக்குக் கிடையாது, வரியும் உங்கள் செலவுதான், எனவே வரியோடு ஒப்பிடுங்கள். உத்யம் பதிவு கேட்டதற்கும் காரணம் உண்டு. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கினால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் கடன் பேச முடியாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். 60 நாள் கடன் கேட்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

மாதிரிப் பெட்டியை எடை போட்டதோடு விடாதீர்கள். காலிப் பெட்டியை மேலும் கீழும் டேப் ஒட்டி மூடி, மேலே ஒரு பலகை போட்டு, 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றும் 10 கிலோ மூட்டை ஒன்றுமாக அந்த 35 கிலோவை ஏற்றி, குடோனில் ஈரமான மூலையில் ஒரு வாரம் வையுங்கள். மூலைகள் மடிந்து, சுவர் வெளியே பிதுங்கினால் அது ஐப்பசி மழைக்கு ஆகாது. துல்லியமாக வேண்டுமென்றால் இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்தின் சென்னைக் கிளை போன்ற இடங்களில் சோதிக்கலாம். இரண்டாயிரம் பெட்டிக்கு எனக்கு மூட்டையே போதும். தேர்ந்தெடுத்தவரின் இரண்டாவது மாதிரியில் இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வரும்போது நாலைந்து கட்டிலிருந்து ஒவ்வொன்று உருவி அதோடு வைத்து எடை பாருங்கள்.

மற்றவர்கள் ரேட்டைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லாதீர்கள். "எல்லாரும் ஒரே தாளில் கொடுத்திருக்காங்க, உங்களால் முடிந்த விலையைப் போடுங்க" என்றால் போதும். ஒருவர் விலையை இன்னொருவரிடம் காட்டிப் பேரம் பேசினால் இந்த முறை ஒரு ரூபாய் குறையலாம். அடுத்த முறை அவர்களே போனில் பேசிக்கொண்டு, இரண்டு ரூபாய் ஏற்றிவைத்து, பிறகு ஒரு ரூபாய் குறைப்பார்கள். திருச்சி வட்டாரத்தில் பெட்டிக்காரர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாமலா இருக்கும்? ஆ-விடம் விலை பேச வேண்டுமானால் அவருடைய தாளுக்குள்ளேயே பேசலாம்: 30 நாள் கடன் வேண்டாம், சரக்கு வந்ததும் பணம் தருகிறேன், பெட்டிக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். கிடைக்காத மற்ற மூவருக்கும், ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது, மாதிரிக்கு நன்றி என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். ஆ-வின் இயந்திரம் தீபாவளிக்கு முந்தைய வாரம் நின்றுபோனால் நீங்கள் போன் செய்யப்போவது அவர்களில் ஒருவருக்குத்தான்.